பாடகர் குழு நீங்கள் இல்லாமலும் பாடும்

கேள்வி: நாங்கள் கோத்தகிரியில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பம். பக்கத்து வீட்டு அக்கா படுகர். ஹெத்தையம்மன் பண்டிகைக்கு என்னைப் பேரகணிக்குக் கூட்டிப்போய், அன்று முழுக்க என் கையை விடாமல் கூடவே இருந்தவர். போன தவக்காலத்தில் திருநீற்றுப் புதனன்று கோவிலுக்கு வந்து நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்கும் அழைத்தேன். நான் பாடகர் குழுவில் இருப்பதால் அவரைப் பின்வரிசையில் உட்காரவைத்தேன். எல்லோரும் நன்மை வாங்கப் போனபோது அவரும் போய்க் கை நீட்டி அப்பத்தை வாங்கி, படுக்கையில் இருக்கும் கணவருக்கென்று கைக்குட்டையில் முடிந்துகொண்டார். வாசலில் ஒரு பெரியவர் எல்லோர் முன்னாலும் கடிந்து அதைப் பிடுங்கிவிட்டார். அதிலிருந்து அக்கா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இப்போது கிறிஸ்துமஸ் வருகிறது, மறுபடி அழைக்க ஆசை. அட்வென்ட், லென்ட், சாக்ரமென்ட் என்றால் என்ன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: ஆகாது. தாளை யார் கேட்டார்கள்? பேரகணியில் அந்த அக்கா உங்களுக்குத் தாள் கொடுத்தாரா? எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எதுவரை போகலாம், எப்போது கும்பிட வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொன்னார். நீங்கள் அவரைப் பின்வரிசையில் விட்டுவிட்டுப் பாடப் போய்விட்டீர்கள். கடிதத்தில் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பெரியவரைப் பற்றித்தான் நிறைய வருத்தம். அவர் வாசலில்தான் நின்றார். அதற்கு முன் ஒரு மணி நேரம் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். விருந்துக்குக் கூப்பிட்டவர் பந்தியில் இல்லையென்றால், இலையில் விழுவதற்கெல்லாம் பொறுப்பு விருந்தாளியா?

அவர் செய்ததில் ஒரு நியாயம் இருக்கிறது, பாருங்கள். புதன்கிழமை வரிசையில் நின்றார், அதே சாமியார், அதே பீடத்தின் முன்னால், நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பினார். சாம்பலை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், ஞானஸ்நானம் பெறாதவரும் வாங்கலாம். அது போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல், மனம் திரும்புகிறேன் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோவில்களில் கொடுக்கிற ரொட்டியும் அப்படித்தான், எந்த மதத்தவரும் வாங்கிப்போய் வீட்டில் பகிர்ந்து கொள்கிறார்கள். நாலு நாள் கழித்து அதே மாதிரி ஒரு வரிசை, அதே மாதிரி ஒரு கை நீட்டல். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு தரையில் வரைந்திருக்கவில்லை. அதைச் சொல்லக் கடமைப்பட்டவர் மாடியில் பாடிக்கொண்டிருந்தார்.

அந்தக் கோட்டைத்தான் நீங்கள் சாக்ரமென்ட் என்கிறீர்கள், நம் பூசைப் புத்தகம் அருளடையாளம் என்கிறது. கத்தோலிக்கருக்கு ஏழு, ஞானஸ்நானம்தான் வாசல். அதைத் தாண்டாதவருக்கு மற்ற ஆறும் கிடையாது. (பக்கத்துத் தெரு சி.எஸ்.ஐ. காரர்கள் ஞானஸ்நானம், திருவிருந்து என்ற இரண்டையே அப்படிச் சொல்வார்கள். அக்காவுக்கு அங்கேயும் தோழிகள் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள்.) சாமியார் அப்பத்தை உயர்த்தி ‘கிறிஸ்துவின் உடல்’ என்கிறார், வாங்குகிறவர் ‘ஆமென்’ என்கிறார். ‘ஆம், இதை நம்புகிறேன்’ என்று எல்லோர் முன்னும் சொல்லும் வாக்குமூலம் அது. நம்பாத ஒருவரை அந்த வார்த்தையைச் சொல்லவைப்பது அவருக்கும் மரியாதையில்லை. அதனால்தான் மறுப்பு, தீட்டு என்பதால் இல்லை. இதை நீங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் கட்டாயம் தீட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். நம் ஊர்களில் அப்படி எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது.

கைக்குட்டை விஷயம். அப்பத்தை வாங்கியவர் அங்கேயே, கொடுத்தவர் கண்முன் உண்ண வேண்டும். ஆமென் சொல்லாமலும் உண்ணாமலும் ஒருவர் திரும்பினால் அவருக்கு வழக்கம் தெரியவில்லை என்று அர்த்தம். கொடுத்தவர் அப்போதே மெதுவாகக் கேட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். வெளியே வந்துவிட்டாலும் பிடுங்க வேண்டியதில்லை. “அக்கா, இதை ஃபாதரிடம் கொடுத்துவிடலாம், வாங்க” என்று கூட்டிப்போனால் போதும். அவர் அதை உண்டுவிடுவார், அல்லது தண்ணீரில் முழுக்கக் கரையவிட்டுக் கால்படாத மண்ணில் ஊற்றுவார். தெரியாமல் வாங்கியவர்மேல் திருச்சபை ஒரு குற்றமும் சுமத்துவதில்லை. பெரியவருக்கு இது தெரிந்திருக்கும், கோபம் முந்திக்கொண்டது.

மற்ற இரண்டு வார்த்தைகளையும் படிக்கக் கொடுப்பதைவிட அவர் கண்ணால் பார்ப்பதை வைத்துச் சொல்லுங்கள். அட்வென்ட் நாலு ஞாயிறு: நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறில் தொடங்கும். சாமியார் ஊதா உடுத்தியிருப்பார், பச்சை வளையத்தில் வாரம் ஒரு மெழுகுவத்தி கூடும், ‘உன்னதங்களிலே’ பாட்டு இருக்காது. வரப்போகிறவருக்காக வீட்டைத் துடைத்துவைத்துக் காத்திருக்கிற காலம். லென்ட் என்கிற தவக்காலத்திலும் அதே ஊதா, ஆனால் அல்லேலூயாவையும் நிறுத்திவிடுவோம். ஞாயிறுகளைக் கழித்து 40 நாள் நோன்பு, வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, முடிவில் ஈஸ்டர். விரதம் இருந்து வெள்ளை உடுத்தி ஹெத்தையம்மனுக்குப் போகிறவருக்கு நோன்பைப் பற்றி நீங்கள் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் முதலில் அழைக்காதீர்கள். இந்த வாரமே வெறுங்கையோடு அவர் வீட்டுக்குப் போய், “அக்கா, உங்களைத் தனியாக விட்டது என் தப்பு, அவர் பேசியதும் தப்பு” என்று சொல்லுங்கள். இயேசுவைப் பற்றிப் பேசாதீர்கள். மதம் மாற்ற வந்திருக்கிறாள் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் நட்பு முடிந்தது. அவர் கணவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். சென்ற தவக்காலத்திலிருந்து படுத்திருக்கும் ஒரு மனிதரைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள். அண்டை வீட்டுக்காரிக்கு அது போதுமா?

பிறகு அவராக வருகிறேன் என்றால், அந்த ஞாயிறு குழுவுக்கு விடுமுறை சொல்லிவிட்டு அவரோடு நடு வரிசையில் உட்காருங்கள். எழும்போது எழலாம், முழந்தாளிடும்போது உட்கார்ந்தே இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சமாதானம் பகிரும்போது எல்லோரும் திரும்பிக் கும்பிடுவார்கள், அவரும் கும்பிடலாம். நன்மை நேரம் வந்ததும் வரிசையில் போகாதவர்களைக் காட்டுங்கள்: புதுநன்மை வாங்காத பிள்ளைகள், இன்னும் சிலர். நீங்களும் அவரோடு உட்கார்ந்துவிடுங்கள். ஞாயிறு பூசை காண்பது கடமை, ஒவ்வொரு பூசையிலும் நன்மை வாங்குவது கடமையில்லை. திருச்சபைச் சட்டம் வருடத்துக்கு ஒருமுறை, பாஸ்கா காலத்தில் வாங்கச் சொல்கிறது, அவ்வளவுதான். மனம் கேட்கவில்லையென்றால் வேறு பூசையில் வாங்கிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. அவர் கை நீட்டியது கணவருக்காக. அந்த அப்பத்தைக் கொடுக்க முடியாது, நோயில் பூசுதலும் ஞானஸ்நானம் பெற்றவருக்குத்தான். ஆனால் சாமியார் யார் வீட்டுக்கும் வந்து யார் தலையிலும் கைவைத்து ஜெபித்து ஆசீர்வதிக்க எந்தத் தடையும் இல்லை. அக்காவும் அவர் கணவரும் விரும்பினால் மட்டும், பங்குத்தந்தையைக் கேளுங்கள். எண்ணெய் பூச மாட்டார், ஜெபம் மட்டும்தான் என்பதை அக்காவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அவர் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள்.