வ.உ.சி.யின் கடன்கள் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

செந்தூலில் எங்கள் இளைஞர் வட்டம் கொண்டுவரும் ஆண்டு மலருக்காக வ.உ.சி. பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். சிறையிலிருந்து வந்த பிறகு அவர் பட்ட கடன்களையும் பிறர் அனுப்பிய பணத்தில் குடும்பம் நடத்தியதையும் ஒரு பத்தியில் சொல்லியிருந்தேன். மலர்க் குழுவில் உள்ள பெரியவர், "தியாகியைப் பிச்சைக்காரராகக் காட்டாதே" என்று அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொல்கிறார். இன்னொருவர், தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிக் கொடுத்த பணத்தைக் காந்தி விழுங்கிவிட்டார் என்று சேர்க்கச் சொல்கிறார். ஒருவருடைய சொந்தக் கடிதங்களைக் கிளறி அவருடைய பணக் கஷ்டத்தை வெளியே சொல்வது முறைதானா? நான் என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி, கோலாலம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது, பினாங்கில் அப்பா நடத்திய மளிகைக் கடையின் பழைய கணக்குகள் என் மேசைமேல் விரிந்திருந்தன. அவற்றைப் படித்துக்கொண்டிருந்ததால்தான் உங்களுக்கு உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெரியவருக்கு. வயதுக்கு மரியாதை கொடுத்துவிட்டு, அவர் சொன்னதை ஏற்காமல் இருங்கள். ஒரு காலத்தில் புலவர்களுக்கு வாரி வழங்கிய தான், இன்று வெண்பாச் சொல்லிக்கொண்டு உதவி தேடி அலைகிறேன் என்று வ.உ.சி.யே பாடிவைத்திருக்கிறார். அவர் மறைக்காததை மறைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? தியாகி என்ற சொல்லை மேடைதோறும் முழங்கிவிட்டு, எதைத் தியாகம் செய்தார் என்பதற்கான கணக்கை மட்டும் வெட்டி எடுப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

காந்தி விழுங்கினார் என்பவருக்கு என் பதில் இன்னும் கடுமையானது. இரண்டு தரப்புக் கடிதங்களையும் வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து, எவரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார். படிக்காமல் பழி சொல்லும் பழக்கத்தை உங்கள் மலரில் ஏற்றாதீர்கள். அந்தக் கடிதங்களில் இருப்பதை ஓரளவு விரிவாகச் சொல்கிறேன்; கடனையும் உதவியையும் பழைய தாள்களிலிருந்து எப்படி அறிவது என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1906இல் பத்து லட்ச ரூபாய் மூலதனத் திட்டத்தோடு சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர், 1912 டிசம்பரில் விடுதலையாகும்போது கம்பெனியும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் குடும்பத்தோடு குடியேறினார். 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்தபோது இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பணத்தைப் பற்றித் தொடங்கவில்லை. சந்திக்கும் நேரத்தைப் பற்றித் தொடங்குகின்றன. சில நிமிடங்கள் ஒதுக்கமுடியும் என்று காந்தி எழுத, தான் பேச வேண்டியது அந்தச் சில நிமிடங்களில் அடங்காது என்று வ.உ.சி. மனத்தாங்கலோடு மறுக்கிறார். காலை ஆறு மணிக்கு முன் வரலாமே என்று காந்தி மீண்டும் அழைக்கிறார். அதற்கு வ.உ.சி. எழுதிய பதிலில்தான் அவருடைய நிலைமை வெளிப்படுகிறது: தன்னால் செலவழித்து வரக்கூடிய ஒரே வண்டி டிராம், அது ஐந்தரை மணிக்குப் பிறகுதான் புறப்படும், ஆகவே ஆறரைக்குள் வந்துசேர முடியும் என்று நம்புகிறேன் என்கிறார்.

இந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன். இதில் அவர் உதவி எதையும் கேட்கவில்லை. வேறொரு காரியத்தைச் சொல்லும்போது வறுமை தானாக வந்து விழுகிறது. பணம் கேட்டு எழுதும் கடிதத்தில் எவரும் தம் துன்பத்தைக் கொஞ்சம் கூட்டியோ, மானம் கருதிக் குறைத்தோதான் எழுதுவார்கள். யாருக்கு எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். டிராம் நேரத்தைச் சொல்லும் இடத்தில் கூட்டவும் குறைக்கவும் காரணமில்லை. ஆகவே ஒருவருடைய பணநிலையைக் கடிதங்களில் தேடும்போது, கடன் கேட்கும் வரிகளைவிட, இப்படிப் போகிற போக்கில் வந்த வரிகளையே நான் முதலில் நம்புவேன்.

தென்னாப்பிரிக்காவில் உங்களுக்காகத் திரட்டிக் கொடுத்த பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்டவர் காந்திதான். விழுங்க நினைப்பவர் தானாக நினைவூட்டுவாரா? வரவில்லை என்று வ.உ.சி. பதில் எழுதுகிறார். தன் இப்போதைய நிலையில் அதை மறுப்பது தவறாகும் என்றும், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகத் தன் குடும்பத்தைத் தாங்கி வருபவர்களே தென்னாப்பிரிக்காவில் உள்ள சிலர்தான் என்றும் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். பிறகு தாமதம் நேர்கிறது. விவரம் கடல் கடந்து வரவேண்டியிருந்தது, வ.உ.சி. திரும்பத் திரும்ப நினைவூட்ட வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும் என்பதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், காந்தியின் தாமதத்தைப் பூசி மெழுகவும் மாட்டேன். ஆனால் 1916இன் தொடக்கத்தில் பணம் வந்துவிட்டது. காந்தியிடமிருந்து 347 ரூபாய் 12 அணா வந்தது என்று வ.உ.சி. தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் குறித்திருக்கிறார். பெற்றவரே தன் கையால் எழுதிய வரவு இது.

அந்தப் பன்னிரண்டு அணாவைக் கவனியுங்கள். மனமிரங்கி ஒருவர் எடுத்துக் கொடுக்கும் தொகை முந்நூறாக இருக்கும், முந்நூற்றைம்பதாக இருக்கும். சில்லறையோடு வரும் தொகை யாரோ கணக்குப் பார்த்து முடித்த தொகை. அக்காலத்தில் ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ், அதாவது ஒரு பவுனுக்குப் பதினைந்து ரூபாய் என்பது மாற்று விகிதம். அதன்படி பார்த்தால் இது 23 பவுன், 3 ஷில்லிங், 8 பென்ஸ் ஆகிறது. பவுனில் மாற்றிப் பார்த்தாலும் வட்டத் தொகை கிடைக்கவில்லை. எனவே பலர் கொடுத்த சிறு தொகைகளின் கூட்டாக இருக்கலாம், அல்லது ஏதோ ஒன்று கழிந்த மீதியாக இருக்கலாம். எது என்பதை எண் மட்டும் சொல்லாது. நன்கொடையாளர் பட்டியல் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் தீர்ப்புச் சொல்லலாம். தொகையின் எடை தெரியவேண்டுமானால், 1912இல் கணித மேதை இராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது வாங்கிய சம்பளம் மாதம் முப்பது ரூபாய் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு குமாஸ்தாவின் ஓராண்டு வருமானம் அது. பெருஞ்செல்வமும் அல்ல, அற்பமும் அல்ல.

அப்பாவின் கணக்குகளைப் படித்தபோதுதான் இந்தக் கண் எனக்கு வாய்த்தது. கடைக்கு இரண்டு வகைக் கணக்கு இருந்தது. வாடிக்கையாளர் கடன் சொல்லி வாங்கியதை அந்தந்தக் குடும்பத்தின் 555 புத்தகத்தில் எழுதுவார்; இந்த நாட்டில் வளர்ந்த எவருக்கும் அந்தச் சிறு புத்தகத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாதக் கடைசியில் அதைப் பேரேட்டில் ஏற்றுவார். பேரேட்டில் ஒருவர் பெயரில் பற்று எழுதினால் அது கடன். தர்மக் கணக்கில் எழுதினால் கொடை. சட்டப்படி இவ்வளவுதான். ஆனால் ஒரு விதவையின் பெயரில் இருந்த பற்று ஆண்டுதோறும் அப்படியே அடுத்த பேரேட்டுக்குத் தூக்கி எழுதப்பட்டிருக்கிறது. நடுவில் வரவும் இல்லை, அதற்காகச் சாமான் கொடுப்பது நின்றதும் இல்லை. கணக்கைப் பார்த்தால் அந்த அம்மாள் கடன்காரி. அவர் பிள்ளைகள் பிற்காலத்தில் அப்பாவுக்கு எழுதிய கடிதங்களைப் பார்த்தால் அப்பா அதைக் கடனாக நினைக்கவே இல்லை என்பது தெரிகிறது. தர்மம் என்று எழுதினால் அந்த அம்மாள் கடைக்கு வரக் கூசுவார் என்று பற்றாகவே வைத்திருந்திருக்கிறார். பேரேடு தொகையைச் சொல்லும், மனத்தைச் சொல்லாது. கடிதம் மனத்தைச் சொல்லும், தொகையில் தவறும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரை ஏமாற்றுக்காரர் என்றோ வள்ளல் என்றோ சொல்லிவிடுகிறவர்களோடு எனக்குத் தீராத சண்டை உண்டு.

உங்களிடமும் சற்றுச் சண்டை இருக்கிறது. கிளறுவது முறையா என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியில் நீங்கள் வ.உ.சி.யின் மானத்தை மட்டும் பார்க்கிறீர்கள். பணம் அனுப்பியவர்களை மறந்துவிட்டீர்கள். வேதியப்ப பிள்ளை போன்றவர்கள் தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு, தாங்கள் பார்த்திராத தூத்துக்குடிக் கப்பலுக்காகச் சிறை சென்ற ஒருவருடைய வீட்டில் உலை கொதிக்கவேண்டும் என்று நினைத்தார்கள். அங்கே இருந்த தமிழர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். நம் பாட்டன்மார் இங்கே ரப்பர் காட்டுக்கு வந்ததைப் போலக் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்கள். அவர்களில் பெரும்பாலோர் வரலாற்று நூல் எழுதிவைக்கவில்லை, அவர்களுக்குச் சிலைகளும் இல்லை. இந்திய விடுதலைப் போராட்டத்தில் அப்படிப்பட்டவர்களின் பங்கு பதிவாகியிருப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட கடன் கடிதங்களில்தான். வ.உ.சி.யின் வறுமையை நீங்கள் மறைத்தால் அவர்கள் கொடுத்ததும் சேர்ந்து மறைந்துபோகும். ஒருவர் பெற்றார் என்று எழுதாமல் மற்றவர் கொடுத்தார் என்று எழுத முடியாது. கோலாலம்பூரில் இருந்துகொண்டு எழுதும் நீங்கள் இதை விடலாமா? எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கிறது.

வ.உ.சி. தான் பட்ட நன்றிக் கடனை எழுதாமல் விட்டவர் அல்லர். பறிபோன வக்கீல் சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்த வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையரை எதிர்த்துச் சிறை சென்றவர் வெள்ளையர் ஒருவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்ததைப் பற்றி அவர் வெட்கப்படவில்லை.

1936இல், இறப்பதற்கு முன், ஓர் உயில் எழுதினார். சொத்துப் பிரிவினையைத் தேடி அதைத் திறப்பவர்கள் அதில் வீட்டு வாடகைப் பாக்கியையும், ஜவுளிக் கடைக்கும் எண்ணெய்க் கடைக்கும் கொடுக்க வேண்டிய தொகைகளையும் காண்பார்கள். எவருக்கும் பாக்கி நின்றுவிடக் கூடாது என்பதற்காக அவரே சொல்லி எழுதவைத்த பட்டியல் அது. அந்தரங்கக் கடிதத்தைக் கிளறுவது பற்றிய உங்கள் தயக்கம் இந்த உயிலுக்குப் பொருந்தாது. உயில் என்பது பிறர் படித்து நிறைவேற்றுவதற்காகவே எழுதப்படுவது.

எனவே அந்தப் பத்தியை எடுக்காதீர்கள். டிராம் வண்டியையும், 347 ரூபாய் 12 அணாவையும், காந்தியின் தாமதத்தையும் அதில் சொல்லுங்கள். விழுங்கினார் என்ற வரியைச் சேர்க்காதீர்கள். வேதியப்ப பிள்ளையின் பெயர் அச்சில் பிழையில்லாமல் வருகிறதா என்று மெய்ப்புத் திருத்தும்போது நீங்களே ஒருமுறை பாருங்கள். பெரியவர் மறுபடியும் மறுத்தால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் அவரோடு பேசுகிறேன்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து