கொலஸ்ட்ரால் சவ்வை இறுக்குகிறதா, இளக்குகிறதா?

கேள்வி: தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படிக்கிறேன். பிளாஸ்மா சவ்வை ஏன் பாய்ம மொசைக் என்கிறார்கள்? கொலஸ்ட்ரால் அதை இறுக்குமா, இளக்குமா?

பாஸ்போலிப்பிடு ஈரடுக்கில் பலவகைப் புரதங்கள் பதிந்திருப்பதால் மொசைக். லிப்பிடுகளும் பல புரதங்களும் பக்கவாட்டில் நகர்வதால் பாய்மம். சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் இந்த மாதிரியை முன்வைத்தார்கள். நகர்வுக்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று, 1970இல் ஃபிரையும் எடிடினும் செய்த சோதனை. எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் வெவ்வேறு நிற ஒளிர்சாயம் ஏற்றினார்கள். முதலில் ஆளுக்குப் பாதியாக நின்ற நிறங்கள், 37 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடத்தில் முழுவதும் கலந்துவிட்டன. குளிரில் அந்தக் கலப்பு வெகுவாகக் குறைந்தது.

கொலஸ்ட்ரால் இரண்டையும் செய்கிறது. எதைச் செய்யும் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. அதன் ஹைட்ராக்சில் முனை பாஸ்போலிப்பிடின் தலைப்பகுதியை ஒட்டி நிற்கும். வளையாத வளைய அமைப்போ கொழுப்பு அமில வால்களின் மேற்பகுதிக்கு இடையே செருகிக்கொள்ளும். உடல் வெப்பநிலையில் அந்த வளையங்கள் வால்களின் அசைவைக் கட்டுப்படுத்துவதால் பாய்மத்தன்மை குறைகிறது. குளிரில் வால்கள் நெருங்கி அடுக்கி உறைய முயலும்போது, இடையிலிருக்கும் அதே வளையங்கள் அதைத் தடுத்துப் பாய்மத்தன்மையைக் காக்கின்றன. ஆகவே தேர்வில் வெப்பநிலையைக் குறிப்பிடாமல் "குறைக்கும்" என்று மட்டும் எழுதினால் விடை பாதிதான்.