மாந்தோப்புக் கல்யாணத்துக்கு மேளமும் மைக்கும்

"தை மாசம் கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்புல பந்தல் போட்டு தங்கச்சி கல்யாணம். விடியக்காலை 5 மணி முகூர்த்தம். நாதஸ்வரம், தவிலுக்கு மைக் வைக்கணுமா?"

வேண்டாங்க. 300 பேர் உட்காரும் பந்தலுக்கு ஒரு நாதஸ்வரமும் ஒரு தவிலும் தாராளம். தவிலின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழும்போது ஒவ்வொரு தாளச் சொல்லும் வெடித்து உடனே அடங்கும். மண்டபத்தில் அது சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த சொல்லோடு கலந்துவிடும், வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். தோப்பில் அந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் கவலைப்பட வேண்டியது பனியைப் பற்றி. நாதஸ்வரக் குழலுக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால், சுருதி அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். சுருதிப்பெட்டி இறங்காது. ஊத ஊத மூச்சுச் சூட்டில் குழலின் சுருதி ஏறிவிடும், சும்மா வைத்தால் குழல் மறுபடி ஆறிவிடும். மேளக்காரர்கள் 4 மணிக்கே வந்து விட்டுவிட்டாவது வாசித்துக்கொண்டிருந்தால்தான் தாலி கட்டும் நேரத்தில் சுருதி நிற்கும். குறைந்திருந்தால், வாயில் வைத்து ஊதும் சீவாளியை, அது செருகியிருக்கும் கெண்டை என்ற சிறு உலோகக் குழாயில் கொஞ்சம் உள்ளே தள்ளுவார்கள். காய்ந்த சீவாளி சரியாகப் பேசாது. அதனால்தான் வாயில் வைத்து நனைக்கிறார்கள். அதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

தவிலுக்கும் இதே கதைதான். பனி இறங்கினால் தோல் தளர்ந்து வலந்தலை மந்தமாகும். போல்ட்டை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கணும். ஒரே பக்கம் முடுக்கினால் நாதம் கோணிவிடும். வெயில் ஏறியதும் தோல் காய்ந்து இழுக்கும், அப்போது தளர்த்தாவிட்டால் கிழியவும் கிழியும். வாசிக்காதபோது தவிலைத் துணி போர்த்திப் பந்தலுக்குள் வையுங்கள்.

மைக்கே கூடாது என்று சொல்லவில்லை. ஆயிரம் பேர் என்றால் வையுங்கள். ஆனால் நாதஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் அணசுக்குள் மைக்கைச் செருகாதீர்கள். எல்லா விரல் துளையும் மூடியிருக்கும்போதுதான் ஒலி பெரும்பாலும் அடிப்பக்கமாக வரும். மற்ற சுரங்களுக்குத் திறந்த துளைகள் வழியாகவே வெளியேறும். அணசில் மைக் வைத்தால் ஒரு சுரம் அலறும், அடுத்தது பதுங்கும். இரண்டு மூன்று அடி தள்ளி, விரல்களைப் பார்த்து வையுங்கள். தவிலுக்குத் தனி மைக் வேண்டவே வேண்டாம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். விடிய 4 மணிக்கு வருகிறவர்களுக்குக் கடைசிப் பந்தியில் இலை போடும் வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. வயிறு காய்ந்தவர் மூச்சுப் பிடித்து ஊதுவது எப்படி? வந்ததும் வெந்நீரும் காபியும், முகூர்த்தம் முடிந்ததும் முதல் பந்தியில் இலையும் கொடுங்கள்.

ஜெனரேட்டரைப் பந்தலுக்குப் பின்னால் நிறுத்தாமல் தோப்பின் மறுகோடிக்குக் கொண்டுபோங்கள். கெட்டிமேளத்துக்குக் கை காட்டுகிற பெரியவர் தவில்காரர் கண்ணில் படும்படி உட்காரட்டும்.