சாமத்திய வீட்டு வீடியோவும் இலவச எடிட்டிங் தளங்களும்: கேள்வி பதில்

"மகளின் சாமத்திய வீட்டு வீடியோவை ஓர் இலவசத் தளத்தில் ஏற்றி வெட்டினேன். வேலை முடிந்ததும் அழித்துவிட்டேன். இனிப் பயமில்லைத்தானே அண்ணா?" (உப்புவெளி)

உங்கள் கணக்கில் தெரிகிற பட்டியலிலிருந்து போய்விட்டது, அவ்வளவுதான் தங்கச்சி. பகிர்ந்த இணைப்பு கையில் இருந்தால், லொக்-இன் செய்யாமல் பிரவுசரின் பிரைவேட் ஜன்னலில் திறந்து பாருங்கள். ஓடினால் கோப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஓடாவிட்டாலும் இணைப்பு செத்துவிட்டது என்று மட்டும்தான் அர்த்தம். தளக்காரரின் காப்புப் பிரதியில் இருக்கிறதா, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க எடுத்தார்களா என்பதை நாம் வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. விதிமுறைப் பக்கத்தில் அவர்கள் எடுத்துக்கொள்ளும் உரிமம் 'நிரந்தரமானது', 'பிறருக்கும் வழங்கக்கூடியது' என்றிருந்தால், பிள்ளையின் வீடியோவை அங்கே ஏற்றவே வேண்டாம்.

"நான் போன் கமராவில் லொகேஷனை நிறுத்திவிட்டேன். ஆகவே என் வீடியோக்களில் இடம் இருக்காது." (லிங்கநகர்)

பாதி சரி. நிறுத்திய பிறகு எடுத்தவற்றில் இருக்காது. முன்பு எடுத்தவற்றில் அப்படியே இருக்கும். வீடியோக் கோப்புக்குள் மறைந்திருக்கும் அந்த இடக்குறிப்பு, திருகோணமலையில் எடுத்தது என்றால் `+08.…+081.…` என்று தொடங்கும் எண்கள். புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் இருந்தாலே ஏறத்தாழ 11 மீற்றருக்குள் வந்துவிடும், அதாவது உங்கள் கேற் வரைக்கும். கணினியில் ffmpeg என்ற இலவச மென்பொருள் இருந்தால், ஏற்றுவதற்கு முன் இப்படி நீக்கலாம்:

```
ffmpeg -i veedu.mp4 -map_metadata -1 -c copy puthu.mp4
```

படத்தின் தரம் குறையாது. ஆனால் சுவரில் தெரியும் பாடசாலைச் சான்றிதழையும் வாசலில் நிற்கும் வாகன இலக்கத்தையும் எந்தக் கட்டளையும் அழிக்காது.

"நிலாவெளியில் ஹோட்டலில் வேலை. விளம்பர வீடியோவில் விருந்தினர் முகங்களை அந்தத் தளமே மங்கலாக்கித் தருகிறது. பிறகென்ன பிரச்சினை?"

மங்கலாக்குவதற்கு முன் மங்கலாகாத மூலப்படம் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறதே! முகத்தை விட வரவேற்பு மேசையைப் பாருங்கள். 4K படத்தை நிறுத்திப் பெரிதாக்கினால் பதிவேட்டின் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் வாசிக்கலாம். Kdenlive, Shotcut என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டும் இலவசம், கணினியில் இணையமில்லாமலும் ஓடும். மங்கலாக்குவதை அவற்றில் முடித்துவிட்டு மீதியைச் செய்யுங்கள். விருந்தினர் விபரம் உங்களுடையதல்ல, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

"எனக்கு போனில் இடம் போதவில்லை, அதனால்தான் எல்லாம் ஏற்றி வைக்கிறேன்."

அது சேமிப்புப் பிரச்சினை ஐயா. எடிட்டிங் தளம் சேமிப்பறை அல்ல. ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள்.

"காலமான அப்பாவின் படத்தைப் பேசவைக்கும் தளத்துக்கு அவர் குரல் பதிவும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?"

படம் மட்டுமென்றால் குடும்பத்தில் பேசி முடிவெடுக்கலாம். குரலைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதே குரலில் அத்தைக்கு ஒரு 'அழைப்பு' வந்தால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? உங்கள் அண்ணன் தம்பி வேறு விதமாக நினைக்கலாம், அவர்களையும் கேளுங்கள்.