போர்டு இருக்கிறது, வழி தெரியவில்லை: மருத்துவமனைப் பலகைகள் பற்றிக் கேள்வி பதில்

பெங்களூரில் 16 வருடமாக வழிகாட்டிப் பலகை வேலை பார்க்கிறேன். மருத்துவமனைகளுக்குத்தான் அதிகம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சுகந்தி, ஹெப்பாள்: சார், எங்க வளாகத்துல போர்டெல்லாம் மாத்தி 4 மாசம் ஆச்சு. சரியா வேலை செய்யுதான்னு எப்படிப் பாக்குறது? மேனேஜ்மென்ட்ல சர்வே எடுக்கச் சொல்றாங்க.

சர்வேயில் எல்லாரும் "நல்லா இருக்கு" என்றுதான் எழுதுவார்கள். அரை மணி நேரம் சுற்றியவர்கூட அது தன் தப்பு என்று நினைத்துக்கொள்வார். அதனால் ஆளை நடக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் தளவரைபடத்தை வைத்துக்கொண்டு கேட்டிலிருந்து ஒரு அறைவரை நீங்களே நடங்கள். "இடதா, வலதா, நேரா, மேலேயா" என்று ஒருவர் முடிவெடுக்க வேண்டிய ஒவ்வொரு இடத்தையும் புள்ளி வைத்துக் குறியுங்கள். அப்புறம், அந்த இடத்துக்கு இதுவரை வராத எட்டுப் பத்துப் பேரைப் பிடியுங்கள். அதில் ஒரு வயதானவர், சக்கர நாற்காலி தள்ளுகிற ஒருவர், கன்னடமும் இங்கிலீஷும் படிக்க வராத ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். கையில் ஓ.பி. சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டு, ஐந்தடி பின்னால் வாயை மூடிக்கொண்டு நடங்கள். எங்கே நின்றார், எங்கே யாரையாவது கேட்டார், எங்கே திரும்பி வந்தார் என்பதை மட்டும் வரைபடத்தில் குறித்தால் போதும். நேரத்தைக் கணக்கிட்டுப் பயனில்லை, பாதி நேரம் லிஃப்டுக்குக் காத்திருப்பதிலேயே போய்விடும்.

ஒரு வளாகத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டாவது கேட்டிலிருந்து, இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ அறைக்குப் போகும் வழியில் 11 புள்ளி இருந்தது. நடந்த 9 பேரில் 7 பேர் ஒரே புள்ளியில் நின்றார்கள்: இரண்டாவது மாடி, லிஃப்டை விட்டு வெளியே வந்ததும். போர்டு இல்லாமல் இல்லை. பெரிதாகவே இருந்தது, ஆனால் லிஃப்ட் கதவுக்கு மேலே! வெளியே வருகிறவருக்கு அது முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. வேலை முடிந்ததும் எடுத்த போட்டோவில் அருமையாகத் தெரிந்தது, ஏனென்றால் போட்டோ எடுத்தவர் லிஃப்டைப் பார்த்து நின்றார்.

திரும்பிப் பார்த்தவர்களுக்கும் உதவவில்லை. சீட்டில் "எக்கோ" என்று இருந்தது, போர்டில் "நான்-இன்வேசிவ் கார்டியாலஜி". இரண்டும் ஒரே இடம்தான் என்று டாக்டருக்குத் தெரியும், மாண்டியாவிலிருந்து வந்த பெரியவருக்கு எப்படித் தெரியும்? சீட்டில் என்ன பெயரோ, அதுதான் போர்டிலும் இருக்க வேண்டும்.

பிரகாஷ், ஒயிட்ஃபீல்டு: துறைக்கு ஒரு கலர் கொடுத்துட்டா படிக்கத் தெரியாதவங்களும் போயிடுவாங்க. நாங்க 12 துறைக்கு 12 கலர் வெச்சிருக்கோம். இதுல என்ன சோதிக்க இருக்கு?

முதல் பாதி சரி, பிரகாஷ். 12தான் இடிக்கிறது.

கலர் வாயால் சொல்லப்படும் விஷயம். செக்யூரிட்டி "நீலக் கோட்டைப் பிடிச்சுப் போங்க" என்பார். எனக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தில் நீலமும் கத்தரிப்பூ நிறமும் அடுத்தடுத்த பிரிவுகள். தர்மபுரிப் பக்கத்து அம்மா ஒருவரிடம் இரண்டையும் காட்டிக் கேட்டேன். இரண்டுக்குமே "ஊதா" என்றார். நம் பேச்சில் ஊதா நீலத்துக்கும் வரும், கத்தரிப்பூவுக்கும் வரும். அட்டெண்டர் கன்னடத்தில் "நேரளெ" என்று இன்னொரு பெயர் சொல்வார். ஆகவே, ஒவ்வொரு கலருக்கும் ஒரு மாதிரித் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாச்மேன், மருந்துக் கடைப் பையன், நோயாளி என்று பத்துப் பேரிடம் "இது என்ன கலர்?" என்று கேளுங்கள். இரண்டு தகடுகளுக்கு ஒரே பெயர் வந்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டியதுதான்.

அனுபவத்தில் நான்கைந்து நிறத்துக்கு மேல் யாரும் நினைவில் வைப்பதில்லை. அதையும் துறைக்குக் கொடுக்காமல் கட்டடத்துக்குக் கொடுங்கள்; துறை இடம் மாறும், கட்டடம் மாறாது. சிவப்பை அவசர சிகிச்சைக்கு விட்டுவிடுங்கள். பச்சை ஏற்கெனவே வெளியேறும் வழிப் பலகையில் இருக்கிறது, அதோடு மோத வேண்டாம். சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் என்பதால், நிறத்தோடு A, B, C என்று பெரிய எழுத்தும் இருக்கட்டும். போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அதிலும் வழி புரிந்தால் சரி.

லதா, ஜெயநகர்: அண்ணா, மேல் நோக்கின அம்புன்னா நேராப் போகணும்னுதானே அர்த்தம்? எங்க மாமனார் மாடி ஏறிட்டார்.

நேராகத்தான் அர்த்தம். ஆனால் அம்புக்குப் பக்கத்திலேயே படிக்கட்டோ சாய்தளமோ கண்ணில் பட்டால் "ஏறு" என்றுதான் யாரும் படிப்பார்கள். உங்கள் மாமனார் மேல் தப்பில்லை. போர்டைப் படிக்கட்டு தாண்டி மாட்ட வேண்டும், அல்லது ஏற வேண்டியவர்களுக்கான வரியில் படிக்கட்டுப் படத்தையும் "2வது மாடி" என்பதையும் தனியாகக் காட்ட வேண்டும்.

தலைக்கு மேல் தொங்கும் பலகையில் "இந்தக் கதவு வழியாக" என்பதற்குக் கீழ்நோக்கிய அம்பு போடுகிறவர்களும் உண்டு. நான் போடுவதில்லை. கீழ் அம்பைக் கீழ்த்தளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். என்னோடு வேலை செய்கிறவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். இன்னும் சண்டைதான்.

விஜயா, மல்லேஸ்வரம்: அம்மாவுக்கு அடுத்த வாரம் எம்.ஆர்.ஐ. எந்த கேட்ல உள்ள போகணும்னு சொல்லுங்க சார்.

அக்கா, நான் அந்த மருத்துவமனை ஆள் இல்லை. சீட்டில் உள்ள நம்பருக்குப் போன் செய்து, கேட் எண்ணையும் கட்டடத்தின் எழுத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சுகந்தி, இதைக் கவனியுங்கள்: உங்கள் வரைபடத்தில் முதல் புள்ளி கேட்டுக்கு வெளியே ரோட்டில் இருக்கிறது.

மணி, எலக்ட்ரானிக் சிட்டி: ஓசூர், கிருஷ்ணகிரியிலிருந்து அவ்வளவு பேர் வர்றாங்க. தமிழ்லயும் போடலாமே?

எனக்கும் ஆசைதான். பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று கர்நாடகத்தில் 2024இல் சட்டத் திருத்தம் வந்தது, அதில் பேச்சில்லை. உள்ளே திசை காட்டும் பலகைகளில் சிக்கல் வேறு. ஏழெட்டு மீட்டர் தூரத்திலிருந்து சிரமமில்லாமல் படிக்க எழுத்து சுமார் 25 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். 15 மீட்டர் நடைபாதை என்றால் 50. நாலு மொழியை அந்த அளவில் அடுக்கினால் பலகை கதவளவு ஆகும். இடம் போதாமல் எழுத்தைச் சுருக்கினால் எந்த மொழிக்காரருக்கும் தெரியாது. "சிறுநீரகவியல்" என்பதை ஒரு வரியில் அடக்கிப் பாருங்கள், புரியும். கேட்டிலும் ரிசப்ஷனிலும் தமிழ், உள்ளே எழுத்தும் எண்ணும் படமும் என்பது என் ஏற்பாடு. போதுமா என்றால், எனக்கே முழுத் திருப்தி இல்லை.

சுகந்தி (மறுபடியும்): புதுப் போர்டுக்குப் பட்ஜெட் கிடையாதுன்னு இப்பவே சொல்லிட்டாங்க சார். அந்த எக்கோ இடத்துல நீங்க என்ன பண்ணீங்க?

ஏ4 தாளில் அச்சடித்து, லிஃப்டுக்கு எதிர்ச் சுவரில் டேப் போட்டு ஒட்டினோம். "எக்கோ, இ.சி.ஜி." என்று எழுதி, இடது அம்பை இடது ஓரத்தில் வைத்தோம். இன்னொரு 8 பேரை நடக்கவிட்டதில் அங்கே நின்றது 2 பேர். அதைக் காட்டித்தான் பழைய போர்டைக் கழற்றி இடம் மாற்றக் காசு வாங்கினோம். எழுத்துத் தகடு ஒன்று மட்டும் புதிது.

ஒரு மாதம் கழித்துப் போனபோது பழையபடி எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரோ முழு உடல் பரிசோதனைச் சலுகை ஸ்டாண்டியைப் போர்டுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். நகர்த்திவைத்தேன். அடுத்த திங்கட்கிழமை அது திரும்ப வந்துவிட்டது.