வினைத்திரிபு அட்டவணை: 'அது வருவது' எங்கிருந்து வருகிறது?

> "தமிழ் கற்கும் தோழிக்கு 'வா' வினைக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தேன்: ஆள், காலம், எடுத்துக்காட்டு வாக்கியம். அதைப் பார்த்து 'பேருந்து நாளை வருவது', 'நான் புத்தகம் படிகிறேன்' என்று எழுதுகிறார். எங்கே பிழை?"

'வந்தது, வருகிறது' இரண்டும் 'து'வில் முடிவதால், எதிர்காலத்துக்கும் அதையே ஒட்டியிருக்கிறார். அஃறிணை எதிர்காலம் மட்டும் தனி வழி. 'வர', 'படிக்க' போன்ற வடிவத்தின் கடைசி அகரத்தை 'உம்' ஆக்க வேண்டும்: வரும், படிக்கும். ஒருமைக்கும் பன்மைக்கும் இதுவேதான். 'வருவது' என்பதும் சரியான சொல்தான், ஆனால் பெயராக நிற்கும் ('அவர் வருவது தெரியும்'). அதனால்தான் பிழை கண்ணில் படாமல் போகிறது.

அஃறிணை வரிசையை இப்படிப் பிரித்து எழுதுங்கள்:

| ஆள் | காலம் | எடுத்துக்காட்டு |
|---|---|---|
| அது | இறந்த | நேற்று பேருந்து வந்தது |
| அது | நிகழ் | இப்போது பேருந்து வருகிறது |
| அது | எதிர் | நாளை பேருந்து வரும் |
| அவை | இறந்த | நேற்று மாடுகள் வந்தன |
| அவை | நிகழ் | இப்போது மாடுகள் வருகின்றன |
| அவை | எதிர் | நாளை மாடுகள் வரும் |

நேற்று, இப்போது, நாளை ஆகியவற்றை விடாதீர்கள். காலத்தை அவைதான் காட்டிக் கொடுக்கும்.

'படிகிறேன்' வேறு கதை. 'வா'வின் அச்சில் 'படி'யை வார்த்தால் தூசி படிவதுபோல் ஆகிவிடும்: தூசி படிகிறது, படிந்தது, மாணவி படிக்கிறாள், படித்தாள். எந்த வினைக்கு எது என்பதை 'படி' என்ற சொல்லை மட்டும் பார்த்து ஊகிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு அட்டவணையின் தலையிலும் 'நான்' வடிவம் மூன்றையும் எழுதுங்கள்: படிக்கிறேன், படித்தேன், படிப்பேன். 'ஏன்' விகுதியை எடுத்துவிட்டு ஆய், ஆன், ஆள், ஆர் சேர்த்தால் உயர்திணை வரிசைகளைப் பெரும்பாலும் அவரே நிரப்பிவிடுவார்.