ஓட்டத்தில் வராத மூச்சுமுட்டு நீச்சலில் ஏன்?

கேள்வி: எனக்கு 29 வயது. கல்லடிக் கடற்கரைப் பக்கம் காலையில் 5 கிலோமீற்றர் ஓடுவேன், பெரிதாக இளைக்காது. இப்போது நீச்சல் பழகுகிறேன். ஃப்ரீஸ்டைலில் 25 மீற்றர் போவதற்குள் மூச்சு முட்டி நின்றுவிடுகிறேன். நின்றால் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும். பழக்குபவர் மூன்று கைவீச்சுக்கு ஒரு மூச்சு எடுக்கச் சொல்கிறார். என் சுவாசப்பையில் ஏதும் கோளாறா, டொக்டர்?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் சுவாசப்பையில் நோய் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நோய் இருந்தால் அது பெரும்பாலும் ஓட்டத்திலும் தலை காட்டும். தண்ணீருக்குள் முகம் இருக்கும்போது நீங்கள் மூச்சை வெளியே விடாமல் அடக்கி வைத்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். அது உண்மையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை முட்டி நின்று சுவரைப் பிடித்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள் என்று கவனியுங்கள். "ஊஃப்" என்று காற்றை வெளியே தள்ளிவிட்டு, அதன் பிறகுதான் உள்ளே இழுக்கிறீர்கள் என்றால், நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டே மூச்சுக்குத் தவித்திருக்கிறீர்கள்.

நிறையக் காற்று இருந்தும் ஏன் தவிப்பு வருகிறது? மூச்சு எடு எடு என்று மூளையை முதலில் உந்துவது ஒட்சிசன் குறைவு அல்ல, இரத்தத்தில் காபனீரொட்சைட்டு கூடுவதுதான். தசைகள் வேலை செய்யும்போது அந்த வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். அது வெளியேறுவது மூச்சை விடும்போதுதான். விடாமல் அடக்கினால் சில விநாடிகளிலேயே மூளை அவசர மணி அடிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் உங்கள் இரத்தத்தில் ஒட்சிசன் போதிய அளவு இருக்கும். நின்றதும் ஒரு நிமிடத்தில் சரியாகிவிடுவதற்கும் காரணம் அதுதான்.

ஓட்டத்தில் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், அங்கே மூச்சுக்கும் காலுக்கும் உள்ள தொடர்பு இளக்கமானது. ஒவ்வொரு முறை கால் தரையில் படும்போதும் ஈரலும் இரைப்பையும் ஒரு கணம் பிந்திக் கீழே இறங்கி, மேலே இருக்கும் பிரிமென்றகட்டை இலேசாக இழுக்கின்றன. அதனால் காலடியோடு சேர்ந்து கொஞ்சம் காற்றும் உள்ளே வெளியே அசைகிறது. நாலு கால் பாய்ச்சலில் ஓடும் குதிரைக்கு இது கட்டாயம் மாதிரி. முன்னங்கால் தரையில் ஊன்றும் வேகம் நெஞ்சுக்கூட்டையே அழுத்துவதால், ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்றுதான் அது ஓடும். மனிதன் நிமிர்ந்து ஓடுவதால் நெஞ்சு இந்தக் கட்டிலிருந்து விடுபட்டுவிட்டது. டெனிஸ் பிராம்பிள், டேவிட் கெரியர் என்ற இருவர் 1983இல் இதை அளந்து எழுதினார்கள். மனிதர் பல கணக்குகளில் மூச்சு எடுக்கிறார்கள், ஆனால் நாலு காலடிக்கு ஒரு மூச்சு என்பதுதான் அதிகம் காணப்பட்டது. நீண்ட காலம் ஓடிப் பழகியவர்களிடம் இந்தப் பிணைப்பு கூடுதல் உறுதியாகவும் இருந்தது.

உங்கள் ஓட்டத்திலும் இதைக் காணலாம். மெதுவாக ஓடும்போது மூன்று காலடிக்கு உள்ளே, மூன்றுக்கு வெளியே என்று போகும். கல்லடிப் பாலத்தில் ஏறி வேகத்தைக் கூட்டினால், நீங்கள் நினைக்காமலே இரண்டுக்கு உள்ளே, இரண்டுக்கு வெளியே என்று மாறிவிடும். உடல் கேட்டது, கால் இடம் கொடுத்தது. அதனால் ஓட்டத்தில் எண்ணிக்கொண்டு மூச்சு எடுக்க வேண்டிய தேவை பெரும்பாலானோருக்கு இல்லை. ஐந்து காலடிக்கு ஒரு மூச்சு எடுத்தால் விலாக்குத்து வராது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஓடுவதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிடாமலும் இனிப்பு பானம் குடிக்காமலும் இருப்பது அதைவிட உதவும்.

நீச்சலில் நிலைமை வேறு. அங்கே கை இடம் கொடுத்தால்தான் வாய் காற்றைக் காணும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் ஒரு சாதாரண ஆளுக்கு ஏற்றபடி நான் எடுத்துக்கொண்டவை, உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம் குறையலாம்.

நிமிடத்துக்கு 160 காலடி ஓடுகிறீர்கள், நாலு காலடிக்கு ஒரு மூச்சு என்றால் நிமிடத்துக்கு 40 மூச்சு. ஒரு மூச்சில் 1200 மில்லிலீற்றர் காற்று போகிறது என்று வைப்போம். அதில் 150 அளவு தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிடும், இரத்தத்தோடு சேராது. மீதி 1050. நாற்பதால் பெருக்கினால் நிமிடத்துக்கு 42 லீற்றர் பயனுள்ள காற்று.

இனித் தடாகத்துக்கு வருவோம். நிமிடத்துக்கு 50 கைவீச்சு, மூன்றுக்கு ஒரு மூச்சு என்றால் ஏறத்தாழ 17 மூச்சுதான் கிடைக்கும். முகம் வெளியே இருப்பது ஒரு விநாடிக்கும் குறைவு. அந்த அவகாசத்துக்குள் அடக்கி வைத்ததை விட்டு, புதியதையும் எடுக்கப் பார்க்கிறீர்கள். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான், உள்ளே எவ்வளவு போகும்? 500 மில்லிலீற்றர் மாறினால் அதிகம். மூச்சுக்குழாயில் நிற்பதைக் கழித்தால் 350. பதினேழால் பெருக்கினால் 6 லீற்றருக்கும் சற்றுக் குறைவு. கதிரையில் சும்மா இருக்கும் ஒருவருக்கே நிமிடத்துக்கு 4 லீற்றருக்கு மேல் வேண்டும். கையும் காலும் முழு வேலை செய்யும் உடலுக்கு 6 லீற்றர் எப்படிப் போதும்?

அதே நீங்கள், தண்ணீருக்குள்ளேயே காற்றை விட்டு முடித்துவிட்டு, இரண்டு கைவீச்சுக்கு ஒரு மூச்சு எடுத்தால் நிமிடத்துக்கு 25 மூச்சு. நெஞ்சில் இடம் இருப்பதால் ஒரு மூச்சில் 2 லீற்றர்கூட இழுக்க முடியும். கழிவு போக 1850, இருபத்தைந்தால் பெருக்கினால் 46 லீற்றர். ஓட்டத்தில் கிடைத்ததைவிடக் குறைவில்லை. ஓட்டக்காரரின் நெஞ்சு சிறிய மூச்சை அடிக்கடி எடுத்துப் பழகியது. நீச்சலில் அது பெரிய மூச்சை எண்ணிக்கையில் குறைவாக எடுக்கப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் முழுக்க வெளியே விடுவதில்தான் தங்கியிருக்கிறது.

பழகும் விதத்தைச் சொல்கிறேன். நெஞ்சளவு தண்ணீரில் நின்று, வாயால் மூச்சு எடுத்து, முகத்தை உள்ளே வையுங்கள். உடனே மூக்கால் "ம்ம்ம்" என்று முனகியபடி காற்றை விடத் தொடங்குங்கள். குமிழிகள் விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து வர வேண்டும். கடைசிப் பங்கை வாயால் பலமாக ஊதி முடிக்கும்போதே முகத்தைத் திருப்புங்கள். அப்போது காற்று தானாக உள்ளே விழும், இழுக்க வேண்டியதில்லை. இது அவசரமில்லாமல் வரும்வரை நீந்தவே வேண்டாம்.

அப்புறம் கையோடு சேர்க்க வேண்டும். வலப்பக்கம் மூச்சு எடுப்பவர் என்றால், இடக்கை முன்னே நீண்டிருக்கும்போது வலக்கை இடுப்பை நோக்கித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். உடல் வலப்பக்கம் உருளும் நேரம் அது. அந்த உருளலோடு தலையும் திரும்பட்டும். வலக்கை தண்ணீரை விட்டு எழும்போது வாய் திறந்திருக்க வேண்டும். அந்தக் கை தோளைத் தாண்டி முன்னே வருவதற்குள் முகம் திரும்ப உள்ளே போய்விட வேண்டும். நீந்தும்போது தலை தண்ணீரைப் பிளப்பதால் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். வாய் அந்தப் பள்ளத்தில் இருந்தால் போதும், ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்கலாம். பிந்தித் திரும்பினால் வாய்க்குள் தண்ணீர் போகும். தலையை மேலே தூக்கினால் இடுப்பும் காலும் கீழே அமிழ்ந்து, அந்தச் சுமையை இழுக்க இன்னும் காற்று வேண்டும்.

ஓட்டக்காரரிடம் நான் அடிக்கடி காணும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் மிதிப்பது போல முழங்காலை மடித்து மடித்து உதைப்பார்கள். தொடைத் தசைகள் உடலின் பெரிய தசைகளில் சேர்ந்தவை, ஒட்சிசனையும் அதிகம் எரிக்கும். இந்த உதை உங்களை முன்னே கொண்டுபோவதும் இல்லை. மூச்சு பிடிபடும் வரைக்கும் கால்களை இலேசாக அசைத்தால் போதும்.

உங்களைப் பழக்குபவர் சொன்ன மூன்று கைவீச்சுக் கணக்கில் தவறில்லை. இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்புவதால் தோளும் கழுத்தும் ஒரே பக்கம் இழுபடாது. ஆனால் அதற்கு ஒரு மூச்சை 3.6 விநாடி நீட்ட வேண்டும், உங்கள் இப்போதைய நிலையில் அது கூடுதல். இரண்டுக்கு ஒன்று என்று தொடங்குகிறேன், போகும்போது வலப்பக்கம், வரும்போது இடப்பக்கம் எடுக்கிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு 25 மீற்றருக்கும் நின்று ஐந்தாறு மூச்சு எடுங்கள். நிற்காமல் நாலு தடவை போக முடிந்த பிறகு, மெதுவான நீச்சலில் மட்டும் மூன்றுக்கு மாறலாம்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீருக்குள் கூட நேரம் இருக்கலாம் என்று நம் பொடியன்கள் முதலில் வேகவேகமாக மூச்சு எடுத்துவிட்டு முங்குவதுண்டு. அப்படி எடுப்பதால் இரத்தத்தில் ஒட்சிசன் அநேகமாகக் கூடுவதில்லை. காபனீரொட்சைட்டு மட்டும் குறைந்துபோகும். அதனால் மூளையின் மணி அடிக்கப் பிந்திவிடும். அது அடிப்பதற்கு முன்பே ஒட்சிசன் தீர்ந்து, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மயங்கிவிடுவார்கள். நல்ல நீச்சல்காரர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். மூச்சை அடக்கும் பயிற்சியால் உங்கள் குறை தீரும் என்று யாராவது சொன்னாலும் கேட்க வேண்டாம்.

எப்போது நேரில் வைத்தியரிடம் போக வேண்டும்? நின்ற பிறகு ஐந்து, பத்து நிமிடங்களில் இருமலும் விசில் போன்ற இழுப்பும் தொடங்கி அரை மணி நேரம் இருந்தால் ஆஸ்துமாவைப் பார்க்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் ஓடும்போதும், குளோரின் வாடை கூடிய தடாகத்திலும் அது கிளம்பலாம். நெஞ்சு நோவு, தண்ணீரிலோ ஓட்டத்திலோ மயக்கம், நுரையாகவோ இளஞ்சிவப்பாகவோ சளி வரும் இருமல், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நீச்சலை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். நுரைச் சளியோடு மூச்சும் முட்டினால் அன்றைக்கே போக வேண்டும்.

இரண்டு மூன்று வாரம் இப்படிப் பழகியும் 25 மீற்றரில் அதே முட்டு வந்தால், நீந்துவதைப் பக்கவாட்டில் இருந்து ஒருவரைக் கைபேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முகம் உள்ளே இருக்கும் நேரம் முழுதும் குமிழி தெரிகிறதா என்று பாருங்கள். முகம் திரும்பும்போது மட்டும் குமிழி வெடித்து வந்தால் நெஞ்சளவு தண்ணீரில் நின்று செய்யும் பயிற்சிக்குத் திரும்புங்கள். குமிழி ஒழுங்காக வந்தும் முட்டினால் என்னைப் போன்ற ஒருவரிடம் நேரில் வந்து மூச்சின் அளவைச் சோதித்துக்கொள்ளுங்கள்.